பரோட்டா பாக்கெட்டின் எடையும் கல்லில் விட்ட எண்ணெயும்

கேள்வி: ஃப்ரீசரில் வைத்து விற்கும் பரோட்டாவை வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் வீட்டில் சுட்டுச் சாப்பிடுகிறோம். பாக்கெட் 400 கிராம், உள்ளே 5 பரோட்டா. நான் சாப்பிடுவதை எல்லாம் குறித்து வைக்கிறேன். சுட்ட பரோட்டாவை எடை போட்டு, பாக்கெட்டில் 100 கிராமுக்குப் போட்டிருக்கும் கலோரியைக் கொண்டு கணக்கிடுகிறேன். கல்லில் விடும் எண்ணெயைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா, அல்லது சுட்ட எடையிலேயே அது வந்துவிடுகிறதா? சுடுவது அம்மா. எவ்வளவு எண்ணெய் விடுகிறார் என்று அவருக்கே தெரியாது. சப்பாத்தி பாக்கெட்டுக்கும் இதே கணக்குதானா?

பதில்:

எண்ணெயைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். பரோட்டாவையும் சுடுவதற்கு முன்பே, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு எடை போட வேண்டும். சுட்ட பிறகு போடும் எடை உங்களை இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரணக் கூட்டல் கழித்தல்தான்.

பரோட்டா கல்லில் கிடக்கும் மூன்று நான்கு நிமிடங்களில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகப் போகிறது. கல்லில் இருக்கும் எண்ணெய் உள்ளே ஏறுகிறது. 80 கிராம் பரோட்டா ஒன்றை எண்ணெயே விடாமல் நன்றாகச் சிவக்கச் சுட்டால் ஏறக்குறைய 70 கிராமுக்கு வந்துவிடும். போன 10 கிராமும் தண்ணீர். அதில் கலோரி கிடையாது. அதே பரோட்டாவை 4 கிராம் எண்ணெய் விட்டுச் சுட்டால் தராசு 74 என்று காட்டும். பார்ப்பவருக்கு, 80 கிராமாக இருந்தது 74 ஆகிவிட்டது, ஏதோ குறைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் கலோரி இல்லாத 10 கிராம் வெளியே போய், கிராமுக்கு 9 கலோரி உள்ள 4 கிராம் உள்ளே வந்திருக்கிறது. தராசுக்குத் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றுதான். அதனால்தான் இரண்டையும் அவை கலப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, சத்து விவரத்தை 100 கிராமுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். ஒரு பரிமாறலில் நாள் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்பதையும் பக்கத்தில் தருகிறார்கள். அந்தச் சதவீதம் நாளொன்றுக்கு 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு என்ற அளவை வைத்துப் போடப்படுவது. லேபிளில் கிலோகலோரி என்று இருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம். இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பரிமாறல் என்பது எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். சில பாக்கெட்டில் அது ஒரு பரோட்டா, சிலவற்றில் இரண்டு. பரோட்டாவின் எடையும் எல்லா நிறுவனத்திலும் 80 கிராம் இல்லை. 60, 70 கிராமிலும் வருகின்றன. ஆகவே 100 கிராமுக்கான எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த எண் உறைந்த பரோட்டாவுக்கா, சுட்ட பரோட்டாவுக்கா என்பது அடுத்த சந்தேகம். சுட்ட பிறகு இவ்வளவு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, உள்ளே இருக்கும் பொருளுக்கானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே சரிபார்க்கவும் வழி உண்டு. 100 கிராமில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு லேபிளில் மாவுச்சத்து 45, புரதம் 7, கொழுப்பு 13 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 65. மீதி 35 கிராமில் கொஞ்சம் உப்பு போக, ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். இவ்வளவு ஈரம் இருந்தால் அது சுடாத பரோட்டாவின் கணக்கு. சுட்டதன் கணக்காக இருந்தால் கூட்டல் 74, 75 பக்கம் வரும். அதே மூன்று எண்களை வைத்துக் கலோரியையும் சோதிக்கலாம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. ஆக 180, 28, 117, மொத்தம் 325. லேபிளில் இதை ஒட்டிய எண் இருந்தால் நம்பலாம். வெகுதூரம் விலகி இருந்தால் எங்கேயோ அச்சுப் பிழையோ, பரிமாறல் குழப்பமோ இருக்கிறது. இந்த 325 கலோரி லேபிளையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பாக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. பரோட்டாக்களுக்கு இடையில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரித்துவிட்டுப் போடுங்கள். தாளோடு போட்டால் தாளின் எடையும் சேர்ந்துவிடும். தராசு இல்லாதவர்கள் நிகர எடையைப் பரோட்டா எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டாலே போதும். 400 கிராம் என்று போட்ட பாக்கெட்டில் 12 கிராம் வரை கூடக் குறைய இருக்க எடையளவைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பரோட்டாவுக்குப் பிரித்தால் இரண்டு கிராம் சொச்சம், ஏழெட்டுக் கலோரி. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தாளுக்கு அடியில் வெள்ளைப் பனி பூத்திருந்தால், அந்தப் பாக்கெட் வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பனி பெரும்பாலும் மாவிலிருந்தே வெளியே வந்த தண்ணீர். அதைச் சுரண்டிவிட்டு எடை போட்டால் 76, 75 என்று வரும்; ஆனால் கலோரி 80 கிராமுக்கு உள்ளதேதான். அப்படிப்பட்ட பாக்கெட்டுக்குத் தராசை விட வகுத்தலே மேல்.

எண்ணெய்தான் உண்மையான வேலை. அளவு ஸ்பூனால் ஒரு டீஸ்பூன் 5 மில்லி. எண்ணெய் தண்ணீரை விட இலேசு. ஒரு லிட்டர் பையில் 910 கிராம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஒரு டீஸ்பூன் 4.5 கிராம், 40 கலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதுதான். உடலுக்கு அவை செய்யும் காரியம் வேறுபடலாம், கலோரி வேறுபடாது. ஆனால் வீட்டில் டீஸ்பூன் என்று நாம் எடுப்பது அளவு ஸ்பூன் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் கிடக்கும் கரண்டி ஒன்றுக்கு 3 கிராம் பிடிக்கலாம், 8 கிராமும் பிடிக்கலாம். அதையும் எத்தனை தரம் சாய்த்தோம் என்று சுடுகிறவருக்கு நினைவிருக்காது. கல் காய்ந்ததும் ஒரு சாய்ப்பு, திருப்பிப் போட்டதும் ஓரத்தில் ஒரு சுற்று, கடைசியில் மொறுமொறுப்புக்கு இன்னும் கொஞ்சம். கை தன் பாட்டுக்குச் செய்யும் வேலை அது.

அதனால் எண்ணெயை விடும்போது அளக்காதீர்கள். கிண்ணத்தை அளந்துகொள்ளுங்கள். உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு இந்த முறையைச் சொல்வதற்கு முன் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு செய்து பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கரண்டியோடு சேர்த்துத் தராசில் வைத்தேன். 412 கிராம். அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. வீட்டுத் தராசுகள் பலவும் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும், போட்ட பூஜ்யமும் போய்விடும். ஐந்து பரோட்டாக்களும் தனித்தனியாக 79, 82, 77, 81, 80. மொத்தம் 399 கிராம். வழக்கமாகச் சுடுவது போலவே, கையைக் குறைக்காமலும் கூட்டாமலும் ஐந்தையும் சுட்டு முடித்தோம். கரண்டியை மறுபடி கிண்ணத்தில் போட்டு எடை பார்த்தால் 388. ஆக 24 கிராம் போயிருக்கிறது.

அந்த 24 கிராமும் வயிற்றுக்குப் போகவில்லை. கல்லில் கொஞ்சம் பளபளவென்று மிச்சம் நிற்கும். கல்லையே எடை போடலாம் என்று சிலர் கேட்பார்கள். இரும்புக் கல் ஒன்றரை, இரண்டு கிலோ. சூடாகத் தராசில் வைத்தால் தராசு கெட்டுவிடும், ஆறும் வரை காத்திருக்கவும் வேண்டும். சமையலறைத் தாள் இரண்டை எடை போட்டுக்கொண்டு, கல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அழுத்தித் துடைத்து, அதே தாளை மறுபடி எடை போடுவது சுலபம். எனக்கு 3 கிராம் கூடியிருந்தது. அந்த 3 கிராமில் நாம் விட்ட எண்ணெயும் உண்டு, பரோட்டாவிலிருந்து உருகி வந்த கொழுப்பும் உண்டு. இரண்டும் கொழுப்புதான், கிராமுக்கு 9 கலோரிதான். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. 24 கிராமிலிருந்து 3 கழித்தால் 21. ஐந்தால் வகுத்தால் பரோட்டாவுக்கு 4.2 கிராம், 38 கலோரி. அடுப்பின் மேல் தெறித்தது ஒரு கிராமுக்குள் இருக்கும், அதை விட்டுவிட்டேன். கணக்கு கொஞ்சம் கூடுதலாக வருவதில் தவறில்லை.

ஐந்தையும் சேர்த்து அளந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் வரைதான் காட்டும் தராசில் 4 கிராமைத் தனியாக அளந்தால், அது 3 என்றும் காட்டும், 5 என்றும் காட்டும். கால் பங்குத் தவறு. 24 கிராமை அளந்து வகுத்தால் அந்தத் தவறும் ஐந்தாகப் பிரிந்து கரைந்துவிடும். தவிர, முதல் பரோட்டாவுக்குக் காய்ந்த கல் அதிக எண்ணெய் குடிக்கும், பிறகு வருவதற்குக் குறைவாகப் போதும். ஒன்றை மட்டும் அளந்தால் அது எந்த வரிசையில் வந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும்.

இப்போது உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நீங்கள் இரண்டு பரோட்டா சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உறைந்த எடை 160 கிராம், 520 கலோரி. எண்ணெய் 8.4 கிராம், 76 கலோரி. மொத்தம் 596. உங்கள் பழைய முறையில், சுட்ட எடை 148 கிராமை 3.25ஆல் பெருக்கி 481 என்று எழுதியிருப்பீர்கள். 115 கலோரி விட்டுப்போகிறது. சுட்ட எடையின் கணக்கோடு எண்ணெயையும் கூட்டிக்கொண்டாலும் 557தான் வரும். போன தண்ணீரின் குறை அப்படியே நிற்கும். வாரத்தில் மூன்று இரவு என்றால் 345 கலோரி உங்கள் நோட்டில் ஏறாமல் போகிறது. எழுதியதைப் பார்த்தால் எடை குறைய வேண்டும், ஆனால் குறையவில்லை என்று என்னிடம் வந்து வருத்தப்படுகிறவர்களின் நோட்டைப் புரட்டினால், விட்டுப்போனது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. அவர்கள் பொய் எழுதவில்லை. தராசு காட்டியதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்.

முழுப் பரோட்டாவாக எண்ணிச் சாப்பிட்டால் மேலே சொன்னது போதும். ஆனால் குழந்தைக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு மீதியை நீங்கள் சாப்பிடும் நாளும், எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு ஒரே தட்டில் சால்னா ஊற்றும் நாளும் உண்டு. அப்போது மொத்தமாகப் போட்டுப் பங்கு பிரிக்க வேண்டும். ஐந்து பரோட்டாவின் உறைந்த எடை 399 கிராமுக்கு 1297 கலோரி. எண்ணெய் 21 கிராமுக்கு 189. இரண்டும் சேர்ந்து 1486. சுட்டு முடித்த ஐந்தையும் ஒன்றாக எடை போட்டால் 370 கிராம். 1486ஐ 370ஆல் வகுத்தால் சுட்ட பரோட்டாவின் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. இந்த 4 என்ற எண்தான் சுட்ட எடைக்குப் பொருந்துவது, லேபிளின் 3.25 பொருந்தாது. இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால், தட்டில் விழுவதை மட்டும் எடை போட்டு நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். 110 கிராம் துண்டுகள் என்றால் 440 கலோரி. நீங்கள் சுட்ட பிறகு எடை போடும் பழக்கத்தை விட வேண்டியதே இல்லை. பெருக்கும் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். கொத்துப் பரோட்டா போட்டால் முட்டையும், அதற்கு விடும் எண்ணெயும், வெங்காயமும் அதே மொத்தத்தில் சேரும். கடைசி எடையால் வகுப்பதும் அதே போல்தான்.

எண்ணெய் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். பாக்கெட்டின் மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. மைதா, தண்ணீர், அதற்கு அடுத்தே பாமாயிலோ வேறு கொழுப்போ நிற்கும். நம் உதாரண லேபிளின்படி 80 கிராம் பரோட்டாவுக்குள் 10.4 கிராம் கொழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு டீஸ்பூனுக்கு மேல். அந்தக் கொழுப்பைத் தடவித்தான் மாவை வீசி, மடித்து, சுருட்டி அடுக்குகளைப் பிரித்திருக்கிறார்கள். பரோட்டாவை இளக விடாமல், மிதமான சூட்டில் காய்ந்த கல்லில் வெறுமனே போட்டுப் பாருங்கள். முதலில் வெள்ளையாகக் கட்டையாகக் கிடக்கும். அரை நிமிடம் கழித்து ஓரம் மெல்ல ஊடு தெரிகிற மாதிரி மாறும். பிறகு பரோட்டாவின் விளிம்பைச் சுற்றிக் கல்லில் ஒரு மெல்லிய எண்ணெய் வளையம் தோன்றும். நீங்கள் ஒரு சொட்டு விட்டிருக்க மாட்டீர்கள். திருப்பிப் போட்டால் அந்த உருகிய கொழுப்பிலேயே அது சிவந்து பொரியும். கல் போதுமான சூட்டில் இல்லாதபோதுதான் சிவப்பு வராமல் வெளிறிப்போய், இன்னும் எண்ணெய் விடத் தோன்றுகிறது. இன்னொரு காரணம் இளகிய பரோட்டா. அது கல்லில் ஒட்டும், ஒட்டுவதைப் பிரிக்க எண்ணெய் விடுவோம். நாலு கிராமுக்குப் பதில் தூரிகையால் ஒரு கிராம் தடவினாலே ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுட்டவற்றை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி அடுக்குகளைப் பிரிப்பதுதான் பரோட்டாவைப் பரோட்டாவாக்குகிறது. அதற்குக் கலோரி இல்லை.

விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டாவை இந்தப் பாக்கெட்டை வைத்து வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லின் குழிவில் எண்ணெயை நிறைய ஊற்றிப் பொரித்தெடுப்பது அது. அதற்கும் முறை மாறாது. ஊற்றியதையும் மிஞ்சியதையும் எடை போடுங்கள். உதாரணத்துக்கு 200 கிராம் ஊற்றி, நான்கு பரோட்டா பொரித்து, ஆறிய பின் வடித்த எண்ணெய் 168 கிராம் என்றால் 32 கிராம் உள்ளே போயிருக்கிறது. ஒன்றுக்கு 8 கிராம், 72 கலோரி. பொரித்ததைத் தாளில் ஒற்றி எடுத்தால் அந்தத் தாளின் எடை கூடுதலையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்திக்குக் கணக்கு இதேதான். ஆனால் எண்ணெயின் கனம் அங்கே வேறு. கடையில் கிடைக்கும் சப்பாத்தி பெரும்பாலும் அரைவேக்காடாகச் சுட்டது. 400 கிராமில் பத்து இருந்தால் ஒன்று 40 கிராம். 100 கிராமுக்கு 290 கலோரி என்று இருந்தால் ஒரு சப்பாத்தி 116. ஏற்கெனவே பாதி வெந்திருப்பதால் கல்லில் அதிகம் தண்ணீர் இழக்காது. 4 கிராம் போகலாம். மேலே 4 கிராம் எண்ணெய் தடவியிருந்தால் சுட்ட பிறகும் தராசு அதே 40ஐக் காட்டும். ஒன்றுமே மாறவில்லை என்று நினைத்து 116 என்று எழுதுவீர்கள். உண்மையில் அது 152. பரோட்டாவில் கல் எண்ணெய் கூட்டியது ஏழில் ஒரு பங்கு. சப்பாத்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பரோட்டா எண்ணெய் ஐட்டம், சப்பாத்தி இலேசானது என்று நினைத்து இரவுக்குச் சப்பாத்தி மூன்று சாப்பிடுகிறவர், எண்ணெய் தடவிச் சுட்டால் 456 கலோரி சாப்பிடுகிறார். வெறும் கல்லில் சுட்டால் 348. சப்பாத்தியின் மேல்பரப்பு காய்ந்து, மாவுத் தூள் ஒட்டி இருக்கும். அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கல்லில் துடைக்க மிச்சமே நிற்காது. சுட்ட பிறகு மேலே நெய் தடவுகிறவர்கள் தடவியதை முழுதாகச் சேர்க்க வேண்டும். நெய்க்கும் கிராமுக்கு 9. வெண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பதால் கிராமுக்கு 7 சொச்சம்.

பீய்ச்சும் எண்ணெய் டப்பாக்களில் பூஜ்யம் கலோரி என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று போடலாம். அங்கே பரிமாறல் என்பது கால் நொடி பீய்ச்சல். இரண்டு மூன்று நொடி அழுத்தினால் அதுவும் எண்ணெய்தான். டப்பாவை முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும் லேபிளின் எண்ணே ஒரு சராசரிதான். உங்கள் கையில் இருக்கும் பரோட்டா அதிலிருந்து கொஞ்சம் விலகும். ஆகவே 38ஆ 41ஆ என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். உங்கள் நோட்டில் ஒரு பரோட்டாவுக்கு 300 என்று எழுதினால் போதும். நான் சொன்ன 115 கலோரி விடுபடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை விவரமும். தொட்டுக்கொள்ளும் சால்னாவோ குருமாவோ தனிக் கணக்கு. ஒரு கரண்டி சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெய் சில நாள் கல்லில் விட்டதை விட அதிகமாக இருக்கும். அதற்கு அந்தக் குழம்பில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் போட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மாவிடம் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி நிற்காதீர்கள், பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டும் இருக்காதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே கை சுருங்கிவிடும். அன்று மட்டும் 15 கிராம் வரும், மறுநாள் 25. சமைக்கத் தொடங்குவதற்கு முன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கரண்டியோடு எடை போட்டு எழுதிவிட்டு அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். அவர் சுட்டு முடித்த பிறகு மறுபடி போடுங்கள். நடுவில் அந்தக் கிண்ணத்திலிருந்து தாளிப்புக்கு எடுத்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்திருந்தால் அன்றைய அளவை விட்டுவிடுங்கள். மூன்று இரவுகள் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் அம்மாவின் கை ஒரு பரோட்டாவுக்கு எத்தனை கிராம் விடுகிறது என்று தெரிந்துவிடும். பழகிய கை அனேகமாக ஒரே மாதிரிதான் விடும், அதனால் தினமும் அளக்கத் தேவையில்லை. இரும்புக் கல்லை மாற்றி ஒட்டாத கல் வாங்கினாலோ, பாக்கெட் வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ, அம்மா ஊருக்குப் போய் வேறு யாராவது அடுப்படிக்கு வந்தாலோ மறுபடி மூன்று இரவு அளந்துகொள்ளுங்கள்.